2,357 ரூபாய் கிரைண்டரை 2,050-க்குக் கொடுக்கலாமா?

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கணபதியிலிருந்து அண்ணன் போன். "தம்பி, சும்மா இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒரு ஆர்டர் வந்திருக்கு. எனக்கு எடுக்கணும்னு இருக்கு, உங்க அக்கா வேண்டாங்கிறா. நீங்க வந்து ஒரு வழி சொல்லுங்க."

அண்ணன் டேபிள் டாப் வெட் கிரைண்டர் செய்கிறார். கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. புவிசார் குறியீடே வாங்கின ஊர். அவருடையது அந்தக் கூட்டத்தில் ஒரு சின்ன யூனிட். மோட்டார், எவர்சில்வர் டிரம், கல், பிளாஸ்டிக் பாடி எல்லாம் வெளியில் வாங்கி, உள்ளே கோத்து, ஓட்டிப் பார்த்து, பெட்டியில் போட்டு அனுப்புவது. நான் தொழிலால் காஸ்ட் அக்கவுண்டன்ட். அவருக்கு வருஷத்துக்கு நாலைந்து தடவை கணக்குப் பார்த்துக் கொடுப்பேன். ஃபீஸ் என்று கேட்டால் ஒரு கிரைண்டரைத் தூக்கி வண்டியில் வைத்துவிடுவார். எங்கள் சொந்தத்தில் கல்யாணமான எல்லோர் வீட்டிலும் அவருடைய கிரைண்டர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நான் போனபோது அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் வரவு செலவு முழுக்க அவர் கையில்தான். கம்ப்யூட்டரில் பில் போடுவார்கள், ஆனால் உண்மை அந்த நோட்டில்தான் இருக்கும்.

விஷயம் இது. கர்நாடகத்தில் பல ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி 600 கிரைண்டர் கேட்கிறது. அவர்கள் பெயரைப் போட்டு, அவர்கள் சொல்லும் நிறத்தில் செய்து தர வேண்டும். விலை 2,050 ரூபாய். அண்ணன் டீலர்களுக்குக் கொடுக்கும் விலை 2,400. (இந்தப் பதிவு முழுக்க ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவிட்டே எழுதுகிறேன். வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கழித்துக்கொள்கிறார், அதனால் முடிவை அது மாற்றாது.)

அக்கா நோட்டை என் பக்கம் திருப்பினார். "ஒரு கிரைண்டருக்கு நமக்கு அடக்கம் 2,357 ஆகுது. 2,050-க்குக் கொடுத்தா பீஸுக்கு 307 ரூபாய் கைய விட்டுப் போகும். 600 பீஸுக்கு 1,84,200. இதுக்கு எதுக்குப் பாடுபடணும்? ஷட்டரைப் பூட்டிட்டு ஊட்டி போயிட்டு வரலாம்."

கூட்டல் பெருக்கலில் தப்பே இல்லை. நானும் சரிபார்த்தேன். தப்பு அந்த 2,357-க்குள் இருந்தது.

ஒரு கிரைண்டருக்கு என்ன ஆகிறது என்று முதலில் பிரித்து எழுதினோம். மோட்டார் 520, டிரம் 330, கல் 240, பாடி 310, பேரிங், சுவிட்ச், ஒயர் வகையறா 170. வாங்கும் சாமான் மட்டும் 1,570. அட்டைப்பெட்டி, தெர்மாகோல் 90. கோக்கிற கூலி பீஸுக்கு 80; அங்கே பீஸ் ரேட்தான். கரண்ட் 20. டீலர் கடை வரைக்கும் லாரி வாடகை 50. ஏஜென்ட் கமிஷன் 60. வாரண்டியில் திரும்பி வரும் ரிப்பேருக்குச் சராசரியாக 30. ஆக மொத்தம் 1,900. இது ஒரு கிரைண்டர் கூடுதலாகச் செய்தால் கூடுகிற செலவு, ஒன்று குறைத்தால் குறைகிற செலவு. இதைத்தான் மார்ஜினல் காஸ்ட் என்கிறோம். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இறுதிநிலை என்று என்னவோ பேர் உண்டு. கணபதியில் அந்தப் பேரைச் சொன்னால் ஏதோ ஈமக்கிரியை என்று நினைப்பார்கள்.

அப்படியானால் மீதி 457 எங்கிருந்து வந்தது? மாதம் பிறந்தால் ஒரு கிரைண்டர்கூடச் செய்யாவிட்டாலும் போகிற பணம் ஒன்று உண்டு. கட்டட வாடகை 70,000. சூப்பர்வைசர், ஆபீஸ் பெண், ஸ்டோர்காரர் சம்பளம் 1,10,000. அண்ணன் வீட்டுச் செலவுக்கு எடுப்பது 60,000. லோன் வட்டி 42,000. ஈ.பி.யில் நிலையாக வரும் பகுதி 11,000. இன்சூரன்ஸ், போன், ஆடிட்டர், சில்லறை ரிப்பேர் எல்லாம் 27,000. மொத்தம் 3,20,000. இப்போது மாதம் 700 கிரைண்டர் போகிறது. அக்கா 3,20,000-ஐ 700-ஆல் வகுத்தார். 457 வந்தது. 1,900-உடன் சேர்த்தார். 2,357.

நான் கேட்டேன். "அக்கா, இந்த ஆர்டரை எடுத்தா கட்டட ஓனர் வாடகையை ஏத்துவாரா?"

"அவரு எதுக்கு ஏத்துறாரு?"

"ஆபீஸ் பொண்ணுக்குச் சம்பளம்?"

"அதேதான்."

"எடுக்கலைன்னா பேங்க்காரன் வட்டியைக் குறைப்பானா?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

700 செய்தாலும் 3,20,000. 900 செய்தாலும் 3,20,000. 900 செய்கிற மாதத்தில் அதே வகுத்தல் 356 ரூபாய்தான் காட்டும். அடக்கம் 2,256 ஆகிவிடும். அதே கிரைண்டர், அதே மோட்டார், அதே கல். அடக்கம் மட்டும் 101 ரூபாய் இறங்கிவிட்டது. எண்ணிக்கையைப் பார்த்து ஆடுகிற ஒரு தொகையை ஒரு பீஸின் செலவு என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் வேண்டாம் என்று சொல்வது, பஸ் முக்கால்வாசி காலியாகப் போகும்போது கண்டக்டர் டீசல் செலவை உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் வகுத்துப் பார்த்து, ஏற வந்தவரை இறக்கிவிடுவது மாதிரி.

ஒரு சின்ன விலகல். ஆடிட்டர் மார்ச் 31-இல் ஸ்டாக்குக்கு விலை போடும்போது இந்த 1,900 கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டார். உற்பத்தி சார்ந்த நிலையான செலவிலும் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது கணக்கியல் தரம். அதுவும் வழக்கமான உற்பத்தி அளவை வைத்துப் பங்கிட வேண்டும். அது ஏட்டுக்கு. நான் சொல்வது முடிவெடுப்பதற்கு. இரண்டு கணக்கும் ஒரே தொழிற்சாலையில் சண்டையில்லாமல் இருக்கலாம்.

கரண்ட் 20 ரூபாய் என்று சொன்னேனே, அதை எப்படிப் பிடித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் அது. ஈ.பி. பில்லை முழுக்க நிலையான செலவில் போடுகிறவர்கள் உண்டு. முழுக்கப் பீஸ் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. பில்லில் கிலோவாட் கணக்கில் ஒரு நிலைக் கட்டணம் வரும். அது ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வரும். அதற்கு மேல் யூனிட் கணக்கு. ஆனால் அந்த யூனிட்டிலும் ஆபீஸ் ஃபேன், வாசல் விளக்கு எல்லாம் கலந்திருக்கும். அதனால் பில்லைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. அக்காவின் நோட்டில் போன வருஷத்து மாதக் கணக்கு இருந்தது. மிகக் குறைவாகச் செய்த மாதம் 500 பீஸ், கரண்ட் 21,000. மிக அதிகமாகச் செய்த மாதம் 900 பீஸ், கரண்ட் 29,000. பீஸில் 400 வித்தியாசம், பணத்தில் 8,000 வித்தியாசம். ஆக, பீஸுக்கு 20. 500 பீஸுக்கு 10,000 போனால், அந்த மாத 21,000-இல் மிச்சமிருக்கும் 11,000 என்ன செய்தாலும் வருவது. இரண்டே மாதத்தை வைத்துச் செய்வதால் இது துல்லியமான முறை இல்லை. ஒரு மாதம் வெல்டிங் மிஷின் ஏதாவது ஓடியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். இடையில் ஒரு மாதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் 700 பீஸ் செய்த ஒரு மாதத்தைப் பார்த்தோம். 11,000-உம் 14,000-உம் சேர்ந்து 25,000 வர வேண்டும். நோட்டில் 25,300 இருந்தது. போதும்.

கூலியும் அப்படித்தான். இங்கே பீஸ் ரேட், அதனால் 80 ரூபாயும் கூடுகிற செலவு. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்து, அவர்கள் பாதி நாள் டீக்கடையில் நின்றால், கூடுதல் ஆர்டருக்குக் கூலிச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். பக்கத்து யூனிட்டில் ஒருவர் செய்கிறாரே என்று அவர் கணக்கைக் காப்பி அடிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, ஆர்டருக்கு வருவோம். இந்த 600 பீஸுக்கு 1,900 முழுக்கவும் ஆகாது. நடுவில் ஏஜென்ட் இல்லை, 60 மிச்சம். கேட்டில் வந்து அவர்களே ஏற்றிக்கொள்கிறார்கள், லாரி வாடகை 50 மிச்சம். ஆக 1,790. விலை 2,050. ஒவ்வொரு கிரைண்டரும் 260 ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போகிறது. இதைத்தான் காண்ட்ரிபியூஷன் என்போம். வாடகைக்கும் வட்டிக்கும் இந்த கிரைண்டர் போடுகிற மொய். வழக்கமான கிரைண்டர் 2,400-க்குப் போய் 500 மொய் எழுதுகிறது. மாதம் 700-க்கு 3,50,000. வாடகை வகையறா 3,20,000 போக 30,000 லாபம். 640-ஆவது கிரைண்டர் வரை எல்லாமே கட்டட ஓனருக்கும் பேங்க்குக்கும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். அந்த நிலையில் இருக்கும் யூனிட்டுக்கு 600 பீஸ் தலா 260 என்றால் 1,56,000. அஞ்சு மாத லாபம்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லலை?" என்று அக்காவைப் பார்த்தார். பாடப் புத்தகமும் இந்த இடத்தில்தான் கணக்கை முடிக்கும். ஆர்டரை ஏற்கவும், அடிக்கோடு. எனக்கு இங்கேதான் பயம் ஆரம்பிக்கும்.

முதலில் ஒரே தடவை ஆகும் செலவு. பாடி மோல்டு போடுபவர் மெரூன் நிறத்துக்கு மிஷினைக் காலி செய்து மாற்றுவதற்கு 7,000 கேட்டார். பெயர்த் தகட்டுக்கு 5,000. ஆக 12,000. அண்ணன் இதைச் சில்லறை என்று விட்டிருந்தார். 600 பீஸுக்குச் சில்லறைதான். இதையே 60 பீஸ் கேட்டிருந்தால் பீஸுக்கு 200 ரூபாய் போயிருக்கும், மிஞ்சுவது 60 ரூபாய்தான்.

அடுத்தது கடன். கடைக்காரர்கள் 90 நாளில் பணம் தருவார்கள். மோட்டார்காரரும் டிரம்காரரும் 30 நாளில் வந்து நிற்பார்கள். நடுவில் இரண்டு மாதம் அண்ணனின் ஓ.டி. கணக்குதான் தாங்க வேண்டும். 600 பீஸுக்கு 1,790 என்றால் 10,74,000. மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. இரண்டு மாதத்துக்குச் சுமார் 21,500. லோன் வட்டி நிலையான செலவு என்று மேலே சொன்னேன், இது அது இல்லை. இந்த ஆர்டரை எடுப்பதாலேயே வருகிற வட்டி. அதனால் இது ஆர்டரின் தலையில்தான் உட்கார வேண்டும். 1,56,000-இல் இந்த இரண்டும் போனால் 1,22,500.

இப்போதும் நல்ல தொகைதான். பெரிய கேள்வி இன்னும் வரவில்லை.

"மாசத்துக்கு எத்தனை பீஸ் செய்ய முடியும்ணா?"

"ஆயிரம்." யோசிக்காமல் வந்தது பதில்.

"எந்த மாசம் ஆயிரம் செஞ்சீங்க?"

யோசித்தார். அக்கா நோட்டைப் புரட்டினார். தீபாவளிக்கு முந்தின மாதம் 900. அதற்கு மேல் எங்கும் இல்லை.

எழுந்து உள்ளே போய்ப் பார்த்தோம். கோக்கிற மேஜைகள் ஆயிரம் என்ன, ஆயிரத்து நூறுகூடத் தாங்கும். பெட்டியில் போடுகிற இடமும் அப்படித்தான். அடைப்பு எங்கே என்றால், டெஸ்ட் பெஞ்சில். கோத்த ஒவ்வொரு கிரைண்டரையும் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். கல் உரசுகிறதா, டிரம் ஆடுகிறதா, மோட்டார் சுடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஒரு தடவைக்கு ஆறு கிரைண்டர். ஏற்றுவது, இறக்குவது, துடைப்பது எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஒண்ணேகால் மணிக்குக் கொஞ்சம் மேலே. நாளைக்கு ஆறு தடவை, 36 பீஸ். 25 வேலை நாளுக்கு 900. எத்தனை ஆள் கூட்டிப் போட்டாலும் அந்த பெஞ்சு 900-க்கு மேல் விடாது.

ஒரு யூனிட்டின் கெபாசிட்டி என்ன என்று முதலாளியிடம் கேட்டால் அவர் மனசில் இருக்கும் நம்பர் வரும். இரண்டு வேலைகளுக்கு நடுவே சாமான் எங்கே குவிந்து கிடக்கிறது என்று நடந்து பாருங்கள். குவியலுக்கு அடுத்து இருப்பதுதான் கெபாசிட்டி. அன்றைக்கு டெஸ்ட் பெஞ்சுக்கு முன்னால் முப்பது கிரைண்டர் வரிசையில் நின்றன.

கடைக்காரர்கள் கேட்டது இரண்டு மாதத்தில், மாதம் 300. டீலர்களுக்கு 700, இவர்களுக்கு 300, ஆயிரம். பெஞ்சு விடுவது 900. ஒவ்வொரு மாதமும் 100 கிரைண்டர் டீலர்களுக்குப் போகாமல் நின்றுவிடும். அந்த நூறும் தலா 500 மொய் எழுத வேண்டியவை. மாதம் 50,000, இரண்டு மாதத்துக்கு 1,00,000. நாம் மேலே பிடித்து வைத்த 1,22,500-இல் 22,500 மிஞ்சும். 600 கிரைண்டரை மெரூன் நிறத்தில் செய்துவிட்டு 22,500! அக்கா ஊட்டி போகலாம் என்றது அவ்வளவு தப்பில்லை.

இதை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நோட்டில் எழுதிக்கொள்வதாக இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் கெபாசிட்டியில் செய்கிற பீஸுக்குக் கீழ்மட்ட விலை 1,790-உம், அதன் மேல் ஏறும் வட்டியும். வழக்கமான பீஸை ஒதுக்கிவிட்டுச் செய்கிற பீஸுக்குக் கீழ்மட்ட விலை 1,790-உடன் அந்த ஒதுக்கப்பட்ட பீஸ் கொண்டுவந்திருக்கும் 500-ஐயும் கூட்ட வேண்டும். 2,290. வட்டியைச் சேர்த்தால் 2,326. ஒரே ஆர்டர், ஒரே கிரைண்டர், ஆனால் மாதத்தின் 200-ஆவது பீஸுக்கும் 201-ஆவது பீஸுக்கும் நடுவில் கீழ்மட்ட விலை 500 ரூபாய் தாவுகிறது. 2,050 முதல் இருநூறுக்கு நல்ல விலை. அடுத்த நூறுக்கு நஷ்ட விலை.

அண்ணன் உடனே, "ஓவர்டைம் போட்டுடலாம் தம்பி," என்றார். அதையும் போட்டுப் பார்த்தோம். பெஞ்சுக்கு இரண்டு ஆள். சாயங்காலம் மூன்று மணி நேரம் நின்றால் இரண்டு தடவை ஓட்டலாம், 12 பீஸ். அவர்கள் நாள் கூலி 640, மணிக்கு 80. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு, 160. இரண்டு ஆளுக்கு மூன்று மணி நேரம் 960. டீ, போண்டா சேர்த்து 1,050. நூறு பீஸுக்கு ஒன்பது சாயங்காலம், மாதம் 9,450. இரண்டு மாதத்துக்கு 18,900. டீலர்களை விட்டுவிட்டு 1,00,000 இழப்பதற்கு இது எவ்வளவோ மேல். 1,03,600 மிஞ்சும்.

இங்கே அக்காதான் கேட்டார். "அவங்களுக்கு எப்ப வேணுமாம்?"

அண்ணன் போன் போட்டுக் கேட்டார். கடையில் பெரிய தள்ளுபடி விற்பனை ஜூலையில் வருகிறதாம், ஜூன் கடைசிக்குள் குடோனுக்கு வந்தால் போதுமாம். இரண்டு மாதம் என்று யாரோ வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல், மே, ஜூன், மாதம் 200. சரி என்றார்கள். ஒரு போனில் ஓவர்டைம் செலவு மொத்தமும் கழிந்தது. மார்ஜினல் காஸ்டிங் படித்தவன் நான். இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

ஆனால் 700-உம் 200-உம் சேர்ந்தால் சரியாக 900. மூச்சுவிட இடமில்லை. ஒரு நாள் கரண்ட் போனால், பெஞ்சு ஆள் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், நழுவும். அதற்கு நாலைந்து சாயங்கால ஓவர்டைமை மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று, கணக்கில் வராதது. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அந்தக் கடைகள் அண்ணனின் டீலர்கள் இருக்கும் ஊர்களில் இருந்தால் என்ன ஆகும்? நிறம் வேறு, பேர் வேறு என்றாலும், கிரைண்டர் விற்கிறவன் கவிழ்த்துப் பார்த்தால் எந்தப் பட்டறை என்று கண்டுபிடித்துவிடுவான். "அவங்களுக்கு அந்த விலைக்குக் கொடுக்கறீங்க, எனக்கு ஏனுங்க 2,400?" என்று ஈரோட்டிலிருந்து ஒரு போன் வரும். பீஸுக்கு 50 ரூபாய் இறங்கினால் போதும், 700 பீஸுக்கு மாதம் 35,000. 1,22,500 நான்கு மாதத்தில் கரைந்துவிடும், அதற்குப் பிறகும் அந்த 35,000 போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை இறங்கின விலையை ஏற்றிய ஆளை நான் பார்த்ததில்லை. விலை இறங்காமல் டீலர் வாங்குவதைக் குறைத்தாலும் இதே கதிதான்: மொத்தம் 245 பீஸ் போனால் இந்த ஆர்டரில் சம்பாதித்தது சமம் ஆகிவிடும்.

இதை எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல எந்த ஃபார்முலாவும் இல்லை. எவ்வளவு போனால் கவிழும் என்று மட்டும் சொல்ல முடியும். அந்த அளவுக்குப் போகுமா என்பதை டீலர்களைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கர்நாடகத்தில் டீலர் கிடையாது. அவருடைய சரக்கு சேலம், ஈரோடு, திருப்பூர், பாலக்காடு பக்கம் போகிறது. அதனால் பயம் குறைவு. இருந்தாலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த மாடலை விற்கக் கூடாது என்று பர்சேஸ் ஆர்டரில் ஒரு வரி போடச் சொன்னேன். வாய்ப்பேச்சில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

ஆர்டரை எடுத்தார்கள்.

ஏப்ரல் சுத்தமாகப் போனது. மே மாதம் கல்யாண சீசனில் டீலர்கள் 740 கேட்டார்கள். நாற்பது பீஸுக்காக நாலு சாயங்காலம் பெஞ்சு ஓடியது, 4,200 ரூபாய். அந்த நாற்பதுக்கும் தலா 500 வந்ததால் யாருக்கும் வருத்தம் இல்லை. ஜூன் 26-ஆம் தேதி கடைசி லோடு ஏறியது. பணம்தான் 90 நாளில் வரவில்லை, இன்னும் ஒரு மாதம் இழுத்தார்கள். அதற்கு வட்டி 10,700. எல்லாம் போக அக்காவின் நோட்டில் இந்த ஆர்டருக்கு எழுதியிருக்கும் தொகை 1,07,600. கடன் 90 நாள் என்று எழுதியிருந்தால் 120 நாளுக்குக் கணக்குப் போட வேண்டும் என்று அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்டில் அவர்களே மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை 800 பீஸ், செப்டம்பர், அக்டோபரில் வேண்டும், விலை 1,980. "போன தடவையே 2,050-க்குக் கொடுத்தீங்க, இப்ப அளவு கூட, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார்களாம். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை வழி கேட்கவில்லை, முடிவைச் சொல்வதற்காகத்தான். 1,980-உம் 1,790-க்கு மேல்தான், ஒரு பீஸுக்கு 190 நிற்கும், ஏப்ரலாக இருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் பெஞ்சில் ஒரு இடம்கூடச் சும்மா இருக்காது. ஒவ்வொரு மெரூன் கிரைண்டரும் ஒரு தீபாவளி கிரைண்டரை இறக்கிவிட்டுத்தான் ஏற முடியும்.

இன்னொன்றும் இருந்தது. மாதா மாதம் வருகிற ஆர்டரை ஸ்பெஷல் ஆர்டர் என்று சொல்ல முடியாது. அது வழக்கமான வியாபாரம் ஆகிவிட்டால் வாடகையிலும் வட்டியிலும் அதுவும் பங்கு தூக்க வேண்டும். 260-உம் 190-உம் மொய் எழுதுகிறவர்களால் மட்டும் பந்தி நடத்த முடியாது. எல்லா கிரைண்டரும் 190 என்றால் 3,20,000 வாடகை வகையறாவைத் தாண்டவே மாதம் 1,685 கிரைண்டர் செய்ய வேண்டும், பெஞ்சு விடுவது 900.

"என்ன விலை சொன்னீங்க?" என்றேன்.

"2,350. பிப்ரவரிக்கு மேல வந்தா குறைச்சுப் பேசலாம்னு சொன்னேன்."

2,326-ஐ அவர் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அக்கா எழுதி வைத்திருந்தார்.

கடைக்காரர்களிடமிருந்து பதில் வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு முந்தின மாதம் 890 கிரைண்டர் போனது, எல்லாமே 2,400-க்கு.